கொண்டணில்: அணிலையும் கொண்டலாத்தியையும் சேர்த்து ஒரு கலப்பு விலங்கை உருவாக்கும் முறை

கலப்பு விலங்கு வரையப் புதிதாக வருகிறவர்கள் முதலில் உறுப்புகளை அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். நரி முகம், மான் கொம்பு, மயில் தோகை, மீன் வால் என்று போகும். அந்த ஒரு படத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். அதே விலங்கை உட்கார்ந்த நிலையில், பின்பக்கமிருந்து வரையச் சொன்னால்தான் சிக்கல் தெரியும். தோகை எந்த எலும்பிலிருந்து முளைக்கிறது, உடம்பில் எத்தனை புள்ளிகள் இருந்தன, காலில் எத்தனை விரல்கள் என்று வரைந்தவருக்கே சொல்லத் தெரியாது.

யார் எத்தனை முறை வரைந்தாலும் அதே விலங்காக நிற்க வேண்டும் என்றால் உடலமைப்பையும் நிற அமைப்பையும் எண்ணிக்கையாகவும் இடமாகவும் முடிவு செய்துவிட வேண்டும். அதை ஓர் எடுத்துக்காட்டை வைத்தே பார்ப்போம். எடுத்துக்கொள்வது முதுகில் மூன்று கோடுள்ள நம் ஊர் அணிலையும், தலையில் விசிறிக் கொண்டை வைத்த கொண்டலாத்திப் பறவையையும். பெயர் கொண்டணில்.

இரண்டு விலங்குகள் போதும். மூன்றாவது சேர்ந்தால் எது முக்கியம் என்று பார்ப்பவருக்குப் புரியாது. அந்த இரண்டிலும் ஒன்று அடிப்படையாக இருக்க வேண்டும். கொண்டணிலில் எலும்புக்கூடு முழுவதும் அணிலுடையது. கொண்டலாத்தியிடமிருந்து வாங்குவது கொண்டை, வால் நுனி இறகுகள், செம்பழுப்பு நிறம் ஆகிய மூன்று மட்டும். பாதிப் பாதியாகக் கலந்தால் நடை, உட்காரும் விதம், தூங்கும் விதம் எல்லாவற்றிலும் இரண்டு எலும்புக்கூடுகள் சண்டை போடும்.

எதை எடுக்கலாம், எதை விடலாம்

இரு விலங்குகளின் புகைப்படங்களையும் பக்கவாட்டில், முன்னால், பின்னால் என்று ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு, எடுப்பவை ஒரு பக்கம், விடுபவை ஒரு பக்கம் என்று எழுதுங்கள். விடுகிற உறுப்புக்குக் காரணமும் எழுத வேண்டும். பாதி வடிவமைப்பு அங்கேயே முடிந்துவிடும்.

முதலில் விட வேண்டியது இறக்கை. பறவையின் இறக்கை என்பது அதன் முன்கைதான். தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. நான்கு காலும் வைத்து, மேலே ஒரு ஜோடி இறக்கையும் வைத்தால் ஆறு கைகால் ஆகிவிடுகிறது. இரண்டாவது ஜோடித் தோள்பட்டை எலும்பு, அதை அசைக்கும் தசை, அந்தத் தசை ஒட்டிக்கொள்ளப் புடைத்த மார்பெலும்பு என்று உள்ளே இடம் தேட வேண்டும். தேர்ந்தவர்கள் அதைச் சமாளிப்பார்கள். புதிதாக வரைகிறவர் கையில் அந்த இறக்கை முதுகில் பசை போட்டு ஒட்டியதுபோல நிற்கும். பறக்க வேண்டிய விலங்காக இல்லாவிட்டால் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது அலகு. கொண்டலாத்தியின் அலகு மெலிந்து, நீண்டு, கீழ்நோக்கி வளைந்தது. மண்ணைக் கிளறிப் புழு எடுக்க அருமையான கருவி, ஆனால் சிரிக்காது. நட்பான விலங்கு வேண்டும் என்றால் கன்னமும் உதட்டு ஓரமும் அசைய வேண்டும். ஆகவே மூக்கும் வாயும் சேர்ந்த முகவாய் அணிலுடையதாகவே இருக்கட்டும்.

வால் மட்டும் உண்மையிலேயே யோசிக்க வைக்கும். அணில் வால் நீளமான எலும்புத் தொடர். பறவையின் வாலில் எலும்பு குட்டையாக முடிந்துவிடும், இறகுதான் நீளம். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? தொல்லுயிர் ஆர்க்கியாப்டெரிக்ஸுக்கு நீண்ட எலும்பு வாலும், அதன் இருபுறமும் வரிசையாக இறகுகளும் இருந்தன. அந்த ஏற்பாட்டையே எடுத்துக்கொள்ளலாம். வாலின் முதல் இரண்டு பங்கு ரோமம். கடைசி ஒரு பங்கில் ஐந்து இறகுகள். நுனியில் ஒன்று, அதற்கு முன்னால் பக்கத்துக்கு இரண்டு.

அளவும் எலும்பும்

நீளத்தை அளக்கத் தலையையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு நுனியிலிருந்து பிடரி வரை ஒரு தலை. பிடரியிலிருந்து வால் அடி வரை ஒன்றரைத் தலை. வால் இரண்டரைத் தலை, அதாவது தலையும் உடலும் சேர்ந்த நீளம். உண்மையான அணிலிலும் வால் ஏறத்தாழ உடல் நீளம் இருக்கும் என்பதால் இந்த அளவு கண்ணை உறுத்தாது. தலையை மட்டும் நிஜ அணிலைவிடப் பெரிதாக்கியிருக்கிறோம். அதன் காரணம் முகத்தைப் பற்றிப் பேசும்போது வரும்.

தோலை வரையும் முன் எலும்பைக் கோடும் வட்டமுமாகப் போடுங்கள். தலைக்கு ஒரு வட்டம், நெஞ்சுக்கூட்டுக்கு ஒரு முட்டை, இடுப்புக்குச் சிறிய வட்டம், மூன்றையும் கோக்கும் ஒரு வளைகோடு. முன்னங்கால் நெஞ்சுக்கூட்டின் பக்கத்திலும் பின்னங்கால் இடுப்பு வட்டத்திலும் தொடங்கும். இங்கே நிறையப் பேர் இடறும் இடம் பின்னங்கால். பின்பக்கமாக மடங்கித் தெரியும் மூட்டை முழங்கால் என்று நினைத்துவிடுகிறார்கள். அது குதிகால். முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி, முன்னோக்கி மடங்கும். அணில் உட்காரும்போது அந்தக் குதிகால் தரையில் படிந்துவிடும். உட்கார்ந்த படத்தில் குதிகால் அந்தரத்தில் நின்றால் எங்கோ ஒரு மூட்டு காணாமல் போயிருக்கிறது.

விரல்களையும் இப்போதே எழுதி வையுங்கள்: முன்னங்கையில் நான்கு, பின்னங்காலில் ஐந்து. அணிலுக்கு முன்கைக் கட்டைவிரல் வெறும் எச்சமாகச் சுருங்கிவிட்டது. அதை வரைய வேண்டியதில்லை.

கொண்டைக்கு வருவோம். கொண்டலாத்தியின் கொண்டை விரிந்தால் விசிறி மாதிரி இருக்கிறது என்பதால், முன்னாலிருந்து வரையும்போதும் இடவலமாக விரித்துக் கிரீடமாக்கிவிடுகிறார்கள். அது தவறு. விசிறி நெற்றியிலிருந்து பிடரியை நோக்கி, முன்பின்னாகத்தான் விரிகிறது. பக்கவாட்டில் அரைவட்டமாகத் தெரிவது, முன்னாலிருந்து பார்த்தால் நெற்றி நடுவில் எழும்பிய ஒடுக்கமான தகடாகத் தெரியும். மடக்கினால் எல்லா இறகும் பின்னோக்கிப் படிந்து, தலைக்குப் பின்னால் ஒரு முனையாக நீட்டிக்கொண்டிருக்கும். கொண்டணிலுக்கு ஏழு இறகுகள் வைத்துக்கொள்வோம். நடுவில் உள்ள நான்காவதுதான் மிக நீளம், அரைத் தலை அளவு. முதலாவதும் ஏழாவதும் அதில் பாதி. வேர்கள் எல்லாம் தலையின் நடுக்கோட்டில், சம இடைவெளியில். காதுகள் பக்கவாட்டில் சற்றுக் கீழே இருப்பதால் கொண்டையுடன் மோதாது.

ரோமம் முடிந்து இறகு தொடங்கும் இடத்தைச் சும்மா விடக் கூடாது. கத்தியால் வெட்டியதுபோலக் கோடு விழுந்தால் ஒட்டு வேலை தெரிந்துவிடும். நம் கோயில் தூண்களில் யாளியைக் கவனித்திருப்பீர்கள். சிங்க உடலில் யானைத் துதிக்கை முளைத்த யாளிகளும் உண்டு. பிடரிமயிர்ச் சுருள், கழுத்து மாலை, தோள் அணி என்று இரண்டு விலங்குகள் சந்திக்கும் இடம் முழுவதும் செதுக்கல் நிறைந்திருக்கும். நமக்கு அவ்வளவு அலங்காரம் தேவையில்லை. இறகின் வேரைச் சுற்றி ஒரு கண் அகலத்துக்கு நீண்ட, கூரான ரோமக் கற்றைகளைப் போட்டால் போதும். பார்ப்பவர் கண் ரோமத்திலிருந்து இறகுக்குத் தானாக வழுக்கிப் போய்விடும்.

நட்பான முகம்

1943இல் கொன்ராட் லோரென்ஸ் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர், குழந்தைத்தனமாகத் தோன்றும் உருவ அடையாளங்களை விளக்கி எழுதினார். உடலுக்குப் பெரிய தலை, எடுப்பான நெற்றி, தாழ்வாக அமைந்த பெரிய கண்கள், உருண்ட கன்னம் ஆகியவை அதில் அடங்கும். இவற்றைப் பார்த்தால் மனிதருக்கு அரவணைக்கத் தோன்றுகிறது என்பது அவர் கருத்து. தலையைப் பெரிதாக்கியது அதற்குத்தான்.

தலை வட்டத்தின் நடுவில் ஒரு படுக்கைக் கோடு போடுங்கள். கண்கள் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கட்டும். கண்ணின் அகலம் தலை அகலத்தில் ஐந்தில் ஒன்று. இந்தக் கண் அகலமே இனி எல்லாக் கோடுகளுக்கும் அளவுகோல். கண் பாப்பா வட்டமாக இருக்க வேண்டும். செங்குத்தான கீற்றுப் பாப்பா பூனையையும் பாம்பையும் நினைவூட்டும். அணிலுக்குக் கண்ணைச் சுற்றி வெளிர் வளையம் உண்டு, அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கரிய கண் சிறு படத்திலும் தெளிவாகத் தெரிய அது உதவும்.

முகம் காரணமில்லாமல் கோபமாகத் தெரிந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். கண்ணுக்கு மேலே உள்ள ஏதாவது கருங்கோடு மூக்கை நோக்கிச் சரிந்திருந்தால் அது நெரித்த புருவமாகிவிடும். மேல் இமை பாப்பாவை வெட்டினால் முறைப்பாகும். மூன்றாவது, கொண்டை முழுக்க விரிந்திருக்கலாம். கொண்டலாத்தி மிரண்டால் கொண்டையை விரிக்கும். வந்து அமரும்போதும் ஒரு கணம் விரித்து மடக்கும். ஆகவே சாதாரண நிலையில் கொண்டை மடங்கியோ பாதி எழும்பியோ இருக்கட்டும், முழு விசிறியை வியப்புக்கும் பயத்துக்கும் ஒதுக்கி வையுங்கள். சிரிக்கிற வாய்க்கு மேல் முழுக்க விரிந்த கொண்டையை வைத்தால் படம் இரண்டு சேதி சொல்லும்.

நிறம்: முதலில் இடம், பிறகு வண்ணம்

நிற அமைப்பு ஒவ்வொரு படத்திலும் மாறிப்போவதற்குக் காரணம், அதைக் கண்ணளவில் வரைவதுதான். கோடு எந்த எலும்பில் தொடங்கி எந்த எலும்பில் முடிகிறது என்று சொல்லிவிட்டால், உடல் எப்படித் திரும்பினாலும் கோடு கூடவே திரும்பும்.

இதற்கு அணில் நல்ல ஆசிரியர். ராமர் தடவிய கோடு என்று பாட்டி சொன்ன அந்த மூன்றும் ஒரே நீளம் இல்லை. நடுக்கோடு தலையிலிருந்து வால் வரை ஓடும். பக்கக் கோடுகள் இரண்டும் முன்னங்காலிலிருந்து பின்னங்கால் வரைதான். கொண்டணிலில் இதையே விதியாக்குவோம். நடுக்கோடு கொண்டையின் ஏழாவது இறகுக்குப் பின்னால் தொடங்கி, முதுகெலும்பின் மேலேயே போய், வாலில் இறகு முளைக்கும் இடத்தில் முடியும். பக்கக் கோடு தோள்பட்டை எலும்பின் மேல்முனையில் தொடங்கி இடுப்பு மூட்டில் முடியும். மூன்றுக்கும் அகலம் ஒரு கண். கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி இரண்டு கண்.

இங்கே ஒரு பிழை திரும்பத் திரும்ப வரும். பக்கவாட்டுப் படத்தில் மூன்று கோடுகளையும் வரைந்துவிடுவார்கள். உடம்பைத் தட்டையான தாள் என்று கை நினைத்துக்கொள்வதால் வரும் பிழை இது. சமையலறையிலிருந்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்து, நீளவாக்கில் மூன்று கோடுகளை மார்க்கரால் போடுங்கள். கடிகார முகமாக நினைத்தால் ஒன்று 12 மணியில், மற்ற இரண்டும் 10 மணியிலும் 2 மணியிலும். இப்போது பக்கவாட்டில் பிடித்தால் நடுக்கோடு மேல் விளிம்பில் மெல்லிய கீற்றாகவும், ஒரே ஒரு பக்கக் கோடு முழுதாகவும் தெரியும். மற்றது தெரியாது. மேலிருந்து பார்த்தால்தான் மூன்றும் தெரியும். கொஞ்சம் முன்னோக்கித் திருப்பினால் கோடுகள் நெருங்கிக் குறுகுவதையும் பார்க்கலாம். சந்தேகம் வரும் கோணத்தில் எல்லாம் வெள்ளரிக்காயைத் திருப்பிப் பார்த்து வரையுங்கள்.

அதே வெள்ளரிக்காய் இன்னொரு குறையையும் காட்டிக்கொடுக்கும். நேர் முன்னாலிருந்து பார்த்தால் கோடே இல்லை. ஆகவே எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் ஏதாவது ஓர் அடையாளம் கண்ணில் பட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்துக்கு நெஞ்சில் ஒரு செம்பழுப்புத் திட்டு. கழுத்தடியில் இரண்டு முன்னங்கால்களுக்கும் நடுவில் தொடங்கி, கீழ்நோக்கிக் கூராகி, நெஞ்சுக்கூடு முடியும் இடத்தில் நிற்கும். பின்பக்கத்துக்கு வால் இறகுகள். கொண்டலாத்தியின் வால் கருமை, குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை. நம் ஐந்து இறகுகளும் கருமை; ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு கண் அகலத்துக்கு ஒரே ஒரு வெளிர்ப் பட்டை. இறகுகள் விரியும்போது ஐந்து பட்டைகளும் சேர்ந்து ஒரு பிறை வடிவமாக வரும். கொண்டை இறகுகள் செம்பழுப்பு. நுனியில் கால் பங்கு கருமை.

இடதும் வலதும் ஒன்றாகவே இருக்கட்டும். இடக் காதில் மட்டும் ஒரு புள்ளி என்று வைத்தால் அழகாகத்தான் இருக்கும். படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போட்டதும் புள்ளி வலக் காதுக்குப் போய்விடும்.

வண்ணங்கள் ஐந்து. கணினி வண்ணக் குறியீடுகளை இப்படி எழுதி வைக்கலாம்:

```
உடல், சாம்பல் பழுப்பு         #7A6A58
கோடு, வயிறு, முகவாய், பட்டை  #F3E6CC
கொண்டை, நெஞ்சுத் திட்டு      #D98F5C
இறகு நுனி, வால் இறகு, கண்    #2B2420
மூக்கு, உள்ளங்கை            #C9807A
```

இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் நிரப்பி, படத்தைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். கோடு உடலைவிட நன்றாக வெளிறித் தெரியும், இறகு நுனி நன்றாகக் கருத்துத் தெரியும். ஆனால் கொண்டையின் செம்பழுப்பும் மூக்கின் இளஞ்சிவப்பும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடும். இரண்டும் ஒன்றை ஒன்று தொட்டால் சிறு படத்தில் கரைந்துவிடும் என்று இதற்கு அர்த்தம். அதனால்தான் மூக்கைச் சுற்றி வெளிர் நிற முகவாய் வைத்திருக்கிறோம். இன்னொரு வண்ணம் சேர்க்கத் தோன்றினால் அதையும் இதே சோதனைக்கு அனுப்பிவிட்டுச் சேருங்கள்.

நிழலுக்குத் தனி வண்ணங்கள் தேடாதீர்கள். ஐந்து வண்ணங்களின் மேலும் ஒரு புதிய அடுக்கு வைத்து, கீழே உள்ள நிறத்தைக் கருக்கிக் காட்டும் மல்டிப்ளை முறையில், மங்கிய ஊதா ஒன்றால் நிழல் போட்டால் எல்லா நிறமும் ஒரே அளவில் கருக்கும்.

மாதிரித் தாள்

ஒரே தாளில் முன், பக்கம், பின் என்று மூன்று நிற்கும் படங்கள். மூன்றுக்கும் குறுக்கே படுக்கைக் கோடுகள் போட்டுக்கொள்ளுங்கள்: கண் மட்டம், தோள் மட்டம், வயிற்று மட்டம், தரை. ஒரு படத்தில் தோள் கோட்டுக்கு மேலே போய்விட்டால் உடனே தெரியும். அவற்றுக்குக் கீழே கொண்டை மடங்கிய தலை, விரிந்த தலை, உள்ளங்கை, விரிந்த வால் ஆகிய நான்கு சிறு படங்கள். ஓரத்தில் ஐந்து வண்ணச் சதுரங்கள், நிழல் படாமல்.

அந்தச் சதுரங்கள் சும்மா அழகுக்கு இல்லை. பலர் அடுத்த படத்துக்கான நிறத்தை முடித்த படத்திலிருந்தே உறிஞ்சி எடுப்பார்கள். அங்கே நிழலும் ஒளியும் கலந்திருக்கும். எடுத்தது நிழல் பட்ட பழுப்பு என்றால் அடுத்த விலங்கு ஒரு படி கருக்கும், அதற்கடுத்தது இன்னும் கருக்கும். நிறத்தை எப்போதும் சதுரத்திலிருந்தே எடுங்கள். தாளை PNG ஆகச் சேமியுங்கள்; JPG சுருக்கும்போது நிறங்கள் சற்று மாறும், விளிம்புகளில் கசிவும் வரும்.

படங்களுக்குப் பக்கத்தில் எதெல்லாம் மாறக் கூடாது, எது மாறலாம் என்று எழுதிவிடுங்கள். கோடு மூன்று, கொண்டை இறகு ஏழு, வால் இறகு ஐந்து, இறகுக்கு ஒரு பட்டை, விரல் நான்கும் ஐந்தும்: இவை மாறாது. உடலின் பழுப்பு கொஞ்சம் கூடலாம், குறையலாம். நெஞ்சுத் திட்டின் கீழ்முனை கூராகவோ வட்டமாகவோ இருக்கலாம். ஒரு குடும்பமே கொண்டணில்கள் வரைய வேண்டி வந்தால், ஆளை அடையாளம் காட்ட இந்த இரண்டாவது பட்டியல்தான் உதவும்.

கடைசியில் இரண்டு சோதனைகள். தாளை மூடி வைத்து மூன்று நாள் கழித்து, பார்க்காமல் வரையுங்கள். எந்த உறுப்பு மறந்ததோ, எந்த எண்ணிக்கை தவறியதோ, அது தேவைக்கு மேல் சிக்கலானது; எளிதாக்குங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். இரண்டாவது, தாளை இன்னொருவரிடம் கொடுத்து, சுருண்டு தூங்குவதுபோல வரையச் சொல்லுங்கள். வாயால் எதுவும் விளக்காதீர்கள். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் தாளில் விட்டுப்போன ஒரு குறிப்பு. பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி, சுருளும்போது வால் இறகுகள் மூக்கை மூடுமா, முதுகுக்குப் பின்னால் போகுமா என்பதாக இருக்கும். வால் இரண்டரைத் தலை நீளம் என்பதால் உடலைச் சுற்றி வந்து மூக்கைத் தொடும். இறகுகள் மடங்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும், மேலே உள்ள இறகின் பட்டை மட்டும் தெரியும். அதையும் ஐந்தாவது சிறு படமாகத் தாளில் சேர்த்துவிடுங்கள்.